பாடம் முடிந்ததும் பிள்ளை என்ன செய்து காட்டும்?

ஏழாம் வகுப்புக் கணக்குக்காக ஒரு பயிற்சி ஆசிரியை பாடக்குறிப்பு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பாடம், தசம எண்களை ஒப்பிடுதல். 'சிறப்பு நோக்கம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 'மாணவர்கள் தசம எண்களை ஒப்பிடுவது பற்றி நன்கு புரிந்துகொள்வர்.' பி.எட். படித்தவர்களில் இப்படி ஒரு வரி எழுதாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மறுநாள் கரும்பலகையில் இரண்டு உதாரணக் கணக்கு, அப்புறம் "புரிஞ்சுதா?" என்று ஒரு கேள்வி, "புரிஞ்சுது மிஸ்" என்று ஒரே குரலில் பதில். மணி அடித்துவிடும்.

யாருக்குப் புரிந்தது, என்ன புரிந்தது என்று அந்த ஆசிரியையைக் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. குறை அவருடைய உழைப்பில் இல்லை. பாடக்குறிப்பில் இருந்த வரி அந்தக் கேள்விக்கு இடமே கொடுக்கவில்லை. புரிதல் என்பது பிள்ளையின் தலைக்குள் நடப்பது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவதெல்லாம் பிள்ளை எழுதுவதும், சொல்வதும், வரைவதும், எடுத்து வைப்பதும்தான். அதனால் ஒரு பாடவேளையின் நோக்கத்தை, பாட முடிவில் மாணவர் செய்து காட்டப்போகும் ஒரு செயலாக எழுத வேண்டும் என்கிறது கல்வியியல். அதற்கு உதவுபவைதான் செயல்வினைகள்: வட்டமிடுவர், வரிசைப்படுத்துவர், பெயரிடுவர், கணக்கிடுவர், காரணம் எழுதுவர். அறிவர், உணர்வர், புரிந்துகொள்வர் என்பவை இந்த வகையில் சேராது.

இது எல்லா பி.எட். கல்லூரிகளிலும் சொல்லித்தரப்படுவதுதான். புதிய ஆசிரியர்கள் சறுக்குவது வினைச்சொல்லை மாற்றியதற்கு அடுத்த அடியில். 'புரிந்துகொள்வர்' என்பதை அடித்துவிட்டு 'ஒப்பிடுவர்' என்று எழுதினால் வேலை முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். தசமப் பாடத்தையே எடுத்துக்கொண்டு பார்த்தால் அது ஏன் போதாது என்பது தெரியும்.

ஒரே மதிப்பெண், எதிரெதிரான இரண்டு தவறுகள்

0.6, 0.45 ஆகிய இரண்டில் எது பெரியது? ஏழாம் வகுப்பில் கேட்டால் கணிசமான பிள்ளைகள் 0.45 என்பார்கள். காரணம் எளிது. முதல் வகுப்பிலிருந்து அவர்கள் பார்த்த முழு எண்களில் இலக்கம் கூடக்கூட எண்ணும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. 45 எப்போதும் 6ஐவிடப் பெரியதுதானே? போதாததற்கு நாமும் 0.45ஐ 'பூஜ்யம் புள்ளி நாற்பத்தைந்து' என்று வாசித்துக் காட்டுகிறோம். 'புள்ளி நான்கு ஐந்து' என்று வாசிக்கும் ஆசிரியர்கள் குறைவு. காதில் நாற்பத்தைந்து என்று விழுந்த பிறகு கண்ணுக்கு ஆறு சின்னதாகத்தான் தெரியும்.

இதற்கு நேர் எதிராக யோசிக்கும் பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பார்கள். பத்தில் ஒன்றைவிட நூறில் ஒன்று சின்னது என்று அவர்கள் சரியாகவே கற்றிருக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து, நூறில் ஒன்றாம் இடம் வரை நீளும் எண் எதுவாக இருந்தாலும் சின்னதுதான் என்ற தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள். இவர்களைக் கேட்டால் 0.2, 0.38 இரண்டில் 0.2தான் பெரியது என்பார்கள். கவனிக்க வேண்டியது, இதே பிள்ளைகள் 0.6, 0.45 ஜோடிக்குச் சரியான விடையைத் தருவார்கள் என்பது. விடை சரி, காரணம் தப்பு.

இந்தக் குழப்பங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லேயும். மாணவர்கள் தசம எண் ஜோடிகளில் பெரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஜோடி சரி, எந்த ஜோடி தவறு என்ற கோலத்தை வைத்தே அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். அவர்கள் உருவாக்கிய தேர்வு அப்படிப்பட்டது. மொத்த மதிப்பெண்ணைவிட எங்கே தவறியது என்பதற்கே அதில் மதிப்பு.

இப்போது நம் பயிற்சி ஆசிரியை 'மாணவர்கள் இரண்டு தசம எண்களை ஒப்பிட்டுப் பெரியதைக் கூறுவர்' என்று திருத்தி எழுதிவிட்டார் என்று கொள்வோம். வினைச்சொல் சரியானது. வெளியில் தெரிவது. பாட முடிவில் அவர் 0.45, 0.62 என்று ஒரு ஜோடியும் 3.17, 3.84 என்று ஒரு ஜோடியும் கொடுக்கிறார். வகுப்பே சரியாகச் சொல்கிறது. நீளத்தை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு 62 பெரியது, 84 பெரியது. இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருப்பதால் அதன் குழப்பத்துக்கு இங்கே வேலையே வரவில்லை. ரூபாய், பைசாக் கணக்கில் தசமம் சொல்லித்தருபவர்களுக்கும் இதே வில்லங்கம் உண்டு. விலைப்பட்டியலில் புள்ளிக்குப் பின் எப்போதும் இரண்டு இலக்கம். 12.50, 12.75 என்று ஆயிரம் கணக்குப் போட்டாலும் இந்தத் தவறு தலைகாட்டாது.

ஆக, அளக்கக்கூடிய நோக்கம் என்றால் வினைச்சொல்லோடு, அந்த வினை எந்தப் பொருளின் மேல் நடக்கிறது என்பதும் அதற்குள் இருக்க வேண்டும். 'தசம எண்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல் 'புள்ளிக்குப் பின் இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் தசம எண்கள்' என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு ஜோடிகளை அவர் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார்.

கடைசி ஐந்து நிமிடத்தை முதலில் எழுதுவது

அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலர் நோக்கத்தை வாக்கியமாக எழுதித் தொடங்குவதில்லை. பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கொடுக்கப்போகும் துண்டுச்சீட்டை முதலில் தயார் செய்துவிடுகிறார்கள். சீட்டு கையில் இருந்தால் நோக்கம் தானாக வாக்கியமாகிவிடும். தலைகீழான வழியாகத் தோன்றினாலும், தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சுலபம். மூளையைக் கசக்கி நோக்கம் எழுதுவதைவிடக் கேள்வி எழுதுவது யாருக்கும் கைவந்த வேலை.

தசமப் பாடத்துக்கான சீட்டில் நான்கு ஜோடிகள் போதும். ஒவ்வொன்றிலும் பெரிய எண்ணை வட்டமிட வேண்டும்.

அ) 0.6, 0.45
ஆ) 0.2, 0.38
இ) 3.52, 3.7
ஈ) 4.63, 4.1

நீளமானதே பெரியது என்று நினைக்கும் பிள்ளை அ, இ இரண்டிலும் தவறும். ஆ, ஈ சரியாகிவிடும். குட்டையானதே பெரியது என்று நினைக்கும் பிள்ளைக்கு அ, இ சரி; ஆ, ஈ தவறு. இருவருக்கும் நான்குக்கு இரண்டு மதிப்பெண். மதிப்பெண் பதிவேட்டில் இவர்கள் ஒரே ரகம். சீட்டைப் பார்க்கும் ஆசிரியைக்கோ இருவரும் எதிரெதிர்த் திசையில் போனவர்கள். நாளைக்கு இருவருக்கும் சொல்ல வேண்டியதும் வேறு வேறு.

அடுத்தது, எந்த நிலைமையில் செய்ய வேண்டும் என்பது. கரும்பலகையில் இடமதிப்பு அட்டவணை அழிக்கப்படாமல் இருக்கும்போது வட்டமிடுவதும், அது இல்லாமல் வட்டமிடுவதும் ஒரே வேலை அல்ல. எண்கோடு வரைந்துகொள்ளலாமா, பக்கத்துப் பிள்ளையோடு பேசலாமா என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். முதல் நாள் பாடம் என்றால் அட்டவணையோடு செய்தால் போதும் என்று வைப்பதில் தவறில்லை. அதை நோக்கத்திலேயே எழுதிவிட்டால், மூன்றாம் நாள் அட்டவணை இல்லாமல் செய்வது தனி நோக்கமாகிவிடும்; வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்.

பிறகு, எவ்வளவு செய்தால் போதும் என்பது. இங்கேதான் பாடக்குறிப்புகளில் '80 சதவீதம்' என்ற எண் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எண்பது சதவீத மாணவர்களா, எண்பது சதவீதக் கேள்விகளா? எழுதியவரைக் கேட்டாலே பல சமயம் பதில் வராது. நான்கு கேள்வியில் 80 சதவீதம் என்றால் மூன்றே கால் கேள்விக்குக் கிட்ட வருகிறது. அப்படி எந்தப் பிள்ளையாலும் விடை எழுத முடியாது.

அளவுகோலைச் சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தச் சீட்டில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே விடைதான். எதுவும் தெரியாமல் பூவா தலையா போட்டு வட்டமிட்டால்கூட, நான்கில் மூன்றோ அதற்கு மேலோ சரியாக வருவதற்கு 16இல் 5 வாய்ப்பு உண்டு. அதாவது 32 பேர் உள்ள வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டாலும் ஏறக்குறைய பத்துப் பேர் 'நான்கில் மூன்று' என்ற அளவைத் தாண்டிவிடுவார்கள். நான்கும் சரியாக இருக்க வேண்டும் என்று வைத்தால் அந்த வாய்ப்பு 16இல் 1 ஆகச் சுருங்குகிறது. எனவே இந்தச் சீட்டுக்கு நான்கும் சரி என்பதுதான் நியாயமான அளவு. ஐந்து வாக்கியங்களில் பிழை திருத்தச் சொல்லும் மொழிப்பாடச் சீட்டில் ஊகித்து எழுதுவது கடினம் என்பதால், ஐந்தில் நான்கு என்று தளர்த்திக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சேர்த்தால் நோக்கம் இப்படி அமையும்: 'இடமதிப்பு அட்டவணையின் உதவி இல்லாமல், புள்ளிக்குப் பின் இலக்கங்களின் எண்ணிக்கை வேறுபடும் நான்கு ஜோடித் தசம எண்களில் ஒவ்வொரு ஜோடியிலும் பெரிய எண்ணை மாணவர்கள் வட்டமிடுவர், நான்கும் சரியாக இருக்க வேண்டும்.' கொஞ்சம் நீளமான வாக்கியம்தான். அழகான வாக்கியம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இதைப் படிக்கும் வேறொரு ஆசிரியர், பாடம் நடத்தியவரைக் கேட்காமலே அந்தச் சீட்டைத் தயாரித்துத் திருத்திவிடலாம். நோக்கம் அளக்கக்கூடியதா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி கிடையாது: பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அந்த ஒரு வரியை மட்டும் கொடுத்து, இதற்கு ஒரு கேள்வி போடுங்கள் என்று கேட்பது. அவர் போட்ட கேள்வியும் நீங்கள் மனதில் வைத்திருந்த கேள்வியும் வேறு வேறாக இருந்தால் வரியை இன்னும் திருத்த வேண்டும்.

வட்டமிடுவதில் இன்னொரு ஓட்டை மிச்சமிருக்கிறது. 'இலக்கம் குறைவாக இருந்தால் கடைசியில் சுழியம் போட்டுச் சமமாக்கு, பிறகு முழு எண் போல ஒப்பிடு' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. 0.6 என்பது 0.60 ஆகும், 60, 45ஐவிடப் பெரியது, முடிந்தது. விடை என்றைக்கும் தவறாது. ஆனால் அந்த ஆறு எதைக் குறிக்கிறது என்று தெரியாமலேயே நான்கும் சரியாக வாங்கிவிடலாம். ஆசிரியை எதிர்பார்ப்பது இடமதிப்பு அறிவு என்றால் இரண்டாவதாக ஒரு நோக்கம் வேண்டும்: 'ஏதேனும் ஒரு ஜோடிக்கு, பத்தில் ஒன்றாம் இடத்து இலக்கங்களைச் சுட்டிக்காட்டி ஒரு வாக்கியத்தில் காரணம் எழுதுவர்.' இதை முதல் நோக்கத்தோடு 'மேலும்' போட்டு ஒட்டாமல் தனி வரியாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிலர் வட்டமிடுவார்கள், காரணம் எழுத மாட்டார்கள். ஒரே வரியில் இரண்டு வினை இருந்தால் அந்தப் பிள்ளை நோக்கத்தை அடைந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது.

கேள்வித்தாள் போட்டவர்களிடமிருந்து வந்தது

கேள்வியை முதலில் எழுதும் பழக்கம் புதிதாகக் கண்டுபிடித்தது ஒன்றுமல்ல. பி.எட். புத்தகங்களில் அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என்று அடுக்கப்படும் பகுப்பின் பிறப்பிடமே தேர்வு அறைதான். 1948இல் பாஸ்டனில் நடந்த உளவியலாளர் மாநாட்டையொட்டி, அமெரிக்கக் கல்லூரிகளில் தேர்வுகளைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். ஒருவர் தயாரித்த கேள்வியை இன்னொருவர் பயன்படுத்த வேண்டுமானால், அது எதைச் சோதிக்கிறது என்று சொல்ல எல்லோருக்கும் பொதுவான ஒரு பகுப்பு தேவைப்பட்டது. அந்தப் பேச்சின் விளைவாக சிகாகோ பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் புளூம் தலைமையில் 1956இல் வெளிவந்ததுதான் புளூமின் வகைப்பாடு என்று இன்று அழைக்கப்படும் நூல். மறு ஆண்டே, 1957இல், புளூம் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தப் பயிலரங்குகளை நடத்தினார். நோக்கம், கற்பிப்பு அனுபவம், மதிப்பீடு என்று கட்டம் கட்டிய பாடக்குறிப்பு நம் ஊர் ஆசிரியப் பயிற்சியில் வேரூன்றியதில் அந்தப் பயிலரங்குகளுக்கும் பங்குண்டு.

வினைச்சொல்லை வலியுறுத்திப் பேசி அதைப் பரப்பியவர் ராபர்ட் மேகர். 1962இல் அவர் எழுதிய சிறு நூல், செயல், நிலைமை, அளவு ஆகிய மூன்றும் ஒரு நோக்கத்தில் இருக்க வேண்டும் என்றது. தசமப் பாடத்துக்கு மேலே செய்து பார்த்தது அந்த மூன்றைத்தான். 2001இல் லோரின் ஆண்டர்சனும் டேவிட் கிராத்வோலும் புளூமின் பகுப்பைத் திருத்தியபோது படிநிலைகளின் பெயர்களையும் வினையாக்கிவிட்டார்கள்: நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து, பகுத்தாய், மதிப்பிடு, உருவாக்கு.

அதற்குப் பிறகு செயல்வினைப் பட்டியல்கள் எங்கும் பரவின. ஒவ்வொரு படிநிலைக்கும் இருபது முப்பது வினைச்சொல். ஆசிரியர் ஒன்றை எடுத்து வாக்கியத்தில் பொருத்தினால் போதும். வசதிதான், ஆனால் ஏமாற்றும். 'ஒப்பிடுக' என்ற சொல் பட்டியலில் மேல்படியில் இருக்கலாம். தாவரச் செல்லையும் விலங்குச் செல்லையும் ஒப்பிட்டு ஆசிரியர் கரும்பலகையில் அட்டவணை போட்டு, அதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினால் அங்கே நடப்பது நினைவுகூர்தல்தான். பார்த்திராத இரண்டு செல்களின் படத்தைக் கொடுத்து எது எந்த வகை, ஏன் என்று கேட்டால் அதே சொல்லுக்கு உயிர் வருகிறது. படிநிலையைத் தீர்மானிப்பது சொல்லல்ல, அந்தப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி புதிதா பழையதா என்பது.

பட்டியலில் உள்ள சில வினைகள் பார்வைக்குச் செயல் போலத் தெரிந்தாலும் உள்ளே மறைந்திருப்பவை. 'அடையாளம் காண்பர்', 'வேறுபாட்டைக் கண்டறிவர்' என்பவை அப்படி. கண்டார்களா என்று எப்படித் தெரியும்? இதற்கு மேகரே வழி சொல்லியிருக்கிறார்: மறைந்த செயலுக்குப் பக்கத்தில் வெளியில் தெரியும் ஓர் அடையாளத்தைச் சேர்த்துவிடுவது. 'கொடுக்கப்பட்ட பத்தியில் உள்ள வினையெச்சங்களை அடிக்கோடிட்டு அடையாளம் காண்பர்.' அடிக்கோடுகளை எண்ணிவிடலாம்.

வினை மாறினால் பாடமே மாறும்

ஒரு வினைச்சொல் ஒரு பாடவேளையை எப்படித் திருப்பும் என்பதற்கு மின்சுற்றுப் பாடம் நல்ல உதாரணம். 'எளிய மின்சுற்றின் படத்தை வரைந்து பாகங்களைக் குறிப்பர்' என்று எழுதினால் நாற்பது நிமிடமும் கரும்பலகையிலும் நோட்டிலும் போய்விடும். 'ஒரு பேட்டரி, ஒரு கம்பித்துண்டு, ஒரு சிறு பல்பு கொடுத்தால் பல்பு எரியும்படி இணைத்துக் காட்டுவர்' என்று எழுதினால் முதல் நாளே பல்பு வாங்க வேண்டும், குழுக்கள் பிரிக்க வேண்டும், பல்பின் உலோக உறையிலும் அடி முனையிலும் தனித்தனியாகத் தொட வேண்டும் என்பதைப் பிள்ளைகளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்க நேரம் விட வேண்டும். முதலாவது நோக்கம் எட்டப்பட்டால் இரண்டாவதும் எட்டப்பட்டதாக நினைப்பது பெரும் தவறு. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற கையோடு அங்கி அணிந்து நின்றவர்களிடம் இந்தப் பேட்டரியையும் பல்பையும் கம்பியையும் கொடுத்தார்கள். பல்பை எரியவைக்க முடியாமல் அவர்களில் சிலர் திணறுவதை அதில் பார்க்கலாம்.

புதிய ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளில் அடிக்கடி தென்படும் வேறு சில சறுக்கல்களும் உண்டு. ஒன்று, ஆசிரியர் செய்யப்போவதை நோக்கமாக எழுதுவது: 'தசம எண்களை ஒப்பிடும் முறையை விளக்குதல்.' விளக்கிவிட்டால் நோக்கம் நிறைவேறிவிட்டது. வகுப்பில் ஒருவரும் இல்லாவிட்டாலும்கூட. இன்னொன்று, வகுப்பில் நடக்கப்போகும் செயல்பாட்டை நோக்கமாக எழுதுவது: 'மாணவர்கள் குழுவாக எண் அட்டைகளை வரிசைப்படுத்துவர்.' இதில் மாணவரும் இருக்கிறார், வினையும் இருக்கிறது, பார்க்கவும் முடிகிறது. ஆனால் அது கற்பதற்கான வழி. ஐந்து பேர் குழுவில் ஒருவர் அடுக்க நால்வர் வேடிக்கை பார்த்திருக்கலாம். அட்டைகளை எடுத்து வைத்துவிட்ட பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தனியாக என்ன செய்யும் என்பதே நோக்கம்.

மூன்றாவது, ஆண்டு முழுவதற்குமான வரியை ஒரு பாடவேளைக்குத் தூக்கி வைப்பது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., தொடக்கநிலை வகுப்புகளுக்கான கற்றல் விளைவுகளை 2017இல் வெளியிட்டது. ஓர் ஆண்டின் முடிவில் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அவை சொல்கின்றன. அவற்றை அப்படியே நகலெடுத்து நாற்பது நிமிடப் பாடத்தின் தலையில் வைத்தால், ஒரு வரி பத்து நாளுக்குத் தாங்கும். அந்த ஒரு நாளில் என்ன நடக்க வேண்டும் என்பது மட்டும் தெரியாது. சீட்டுக்கு ஐந்து நிமிடம், நேற்றைய பாடத்தை நினைவூட்ட ஐந்து நிமிடம், வருகைப்பதிவும் நோட்டை எடுப்பதும் சேர்ந்து இன்னும் ஐந்து என்று கழித்துவிட்டால் ஒரு பாடவேளையில் கற்பிக்க மிஞ்சுவது இருபத்தைந்து நிமிடம். அதற்குள் ஒரு நோக்கம் நிம்மதியாக அடங்கும். இரண்டு, நெருக்கியடித்துக்கொண்டு. பாடக்குறிப்பில் ஆறு நோக்கம் எழுதுகிறவர் தனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் எழுதுகிறார்.

சீட்டுகளைத் திருத்த அதிக நேரம் பிடிக்காது. மூன்று அடுக்காகப் பிரித்தால் போதும்: நான்கும் சரி, அ, இ தவறு, ஆ, ஈ தவறு. ஒழுங்கில்லாமல் தவறியவர்கள் ஒரு சிலர் இருப்பார்கள். அவர்களில் ஊகித்தவர்களும் கவனக்குறைவாக வட்டமிட்டவர்களும் அடக்கம். ஒருவரையொருவர் பிரிக்கச் சீட்டு உதவாது, கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இரண்டாம் அடுக்கினருக்கு மறுநாள் 0.6ஐயும் 0.45ஐயும் நூறு கட்டச் சதுரத்தில் வண்ணம் தீட்டச் சொல்லலாம். அறுபது கட்டமும் நாற்பத்தைந்து கட்டமும் கண்ணெதிரே நிற்கும். மூன்றாம் அடுக்கினருக்கு 0.2, 0.38 இரண்டையும் அதே சதுரத்தில். கருவி ஒன்றுதான், எண்கள் மட்டும் வேறு. முதல் அடுக்கில் இருப்பவர்களில் சுழியம் போட்டுத் தப்பித்தவர்கள் யார் என்பது அவர்கள் எழுதிய காரணத்தில் தெரிந்துவிடும்; 'கடைசியில சைபர் போட்டேன் மிஸ்' என்று அவர்களே எழுதியிருப்பார்கள்.

இந்த முறைக்கு எல்லை இல்லாமல் இல்லை. 1967இலேயே அமெரிக்கக் கலைக்கல்விப் பேராசிரியர் எலியட் ஐஸ்னர் எதிர்க்கேள்வி எழுப்பினார். எல்லாப் பாடத்தின் விளைவையும் முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்று கேட்டார் அவர். ஓவியம், இசை, கவிதை போன்றவற்றில் பிள்ளை எங்கே போய்ச் சேரும் என்று ஆசிரியருக்கே முன்பே தெரிந்திருந்தால் அந்த வகுப்பில் சுவை ஏது? அங்கே மாணவர் எதைச் சந்திக்கப் போகிறார், எந்தச் சூழலில் ஈடுபடப் போகிறார் என்பதை மட்டும் சொல்லி, விளைவைத் திறந்து விட்டுவிடலாம் என்பது அவர் வாதம். தமிழ்ப் பாடக்குறிப்பில் 'கவிதையின் நயத்தைச் சுவைப்பர்' என்று எழுதும் ஆசிரியர் முழுவதும் தவறு செய்யவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அவர் சொல்ல வந்தது உண்மையானது, அளக்கத்தான் முடியாது. அதை அளப்பதற்காக 'கவிதையிலுள்ள மூன்று அணிகளைப் பட்டியலிடுவர்' என்று மாற்றினால் அளவு கிடைக்கும், கவிதை கைநழுவிவிடும்.

ஒரே பாடத்தில் இரண்டும் கலந்து வரும்போது இரண்டையும் தனித்தனியாக எழுதிவிடுவது நல்லது. செய்யுளில் வரும் எதுகை, மோனைச் சொற்களை அடிக்கோடிடுவது அளக்கும் நோக்கம். ஆறு சொல்லில் ஐந்து என்று அளவு வைக்கலாம். மனதில் தங்கிய ஒரு வரியைத் தேர்ந்து அது ஏன் தங்கியது என்று இரண்டு வாக்கியம் எழுதுவது திறந்த நோக்கம். எழுதினார்களா என்று பார்க்கலாம், எதை எழுதினார்கள் என்று படிக்கலாம், ஆனால் மதிப்பெண் போட வேண்டியதில்லை.